தோழி தேர்வாகிவிட்டாள், கூடப் படித்த நான் படத்தின் கீழ் என்ன எழுதுவது?

நூலக மூலை:
நானும் தோழியும் நான்கு ஆண்டுகளாக ஒரே மேசையில் குரூப் 4 தேர்வுக்குப் படித்தோம். கலந்தாய்வு முடிந்து அவள் இளநிலை உதவியாளராகத் தேர்வாகியிருக்கிறாள். எனக்கு இந்த முறையும் கிடைக்கவில்லை. இருவரும் இருக்கும் படத்தை இன்ஸ்டாகிராமில் போடப்போகிறேன். எழுதி வைத்திருப்பது இது: “விடாமுயற்சிக்குக் கிடைத்த வெற்றி! கனவு நனவானது! ஒன்றாகப் படித்தோம், நீ முந்திவிட்டாய். வருங்கால அதிகாரிக்கு வாழ்த்துகள்!” யாரோ எழுதியது போல இருக்கிறது. எப்படித் திருத்துவது?

கோப்புக் கட்டு:
முதலில் அந்த ‘அதிகாரி’யை எடுத்துவிடுங்கள், தங்கையே. இருபது ஆண்டு அலுவலக வாழ்க்கையில் இளநிலை உதவியாளரை யாரும் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. அவர் நாளை சேரப்போகும் பிரிவில் இதை யாராவது காட்டினால் உங்கள் தோழிதான் கூச்சப்படுவார். பதவியின் பெயரை உள்ளபடி எழுதுங்கள். அந்த இரண்டு சொல்லுக்காகத்தானே நான்கு ஆண்டுகள் படித்தார்?

அடுத்து, ‘விடாமுயற்சி’, ‘கனவு நனவானது’ இரண்டும் பக்கத்து வீட்டுக்காரரும் எழுதக்கூடியவை. கூடவே உட்கார்ந்திருந்த உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்குமே, அதை எழுதுங்கள். அதையும் முதல் வரியிலேயே வையுங்கள். படத்தின் கீழ் தொடக்கம் மட்டும்தான் தெரியும். ‘மேலும்’ என்பதைத் தொட்டுப் படிப்பவர்கள் குறைவு.

எழிலன்:
என் கருத்து வேறு. எழுதுபவர் தன்னை முழுவதுமாக விலக்கிக்கொள்ள வேண்டும். “ஒன்றாகப் படித்தோம், நீ முந்திவிட்டாய்” என்பதைப் படிக்கும் பத்துப் பேரில் ஐந்து பேர் “உனக்கு என்ன ஆயிற்று?” என்றுதான் கேட்பார்கள். அவளுடைய நாள் உங்களுக்கு ஆறுதல் சொல்லும் நாளாகிவிடும். பெயர், பதவி, வாழ்த்து, முடிந்தது.

மழைத்துளி:
அப்படியானால் அவர் எழுதவே வேண்டாமே, எழிலன் அண்ணா! அந்த மூன்றையும் பயிற்சி மையத்துச் சுவரொட்டியே எழுதிவிடுமே.

தென்னங்கீற்று:
எதுவானாலும் பணி நியமன ஆணை கையில் வரும்வரை ஒரு சொல்லும் போடக்கூடாது. கடைசி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

கோப்புக் கட்டு:
பாதி சரி. காத்திருக்க வேண்டிய கட்டம் சான்றிதழ் சரிபார்ப்பு. காலியிடங்களைவிட அதிகம் பேரை அழைப்பார்கள் என்பதால் அழைப்பு வந்ததையே தேர்வு என்று கொண்டாடி, பிறகு கலந்தாய்வில் இடம் தீர்ந்து திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவருடைய தோழி கலந்தாய்வில் தரவரிசைப்படி தன் முறை வந்து இடத்தைத் தேர்வு செய்துவிட்டார். ஆகவே “தேர்வாகியிருக்கிறாள்” என்று எழுதலாம். “அரசு ஊழியர் ஆகிவிட்டாள்” என்று மட்டும் இன்று எழுதக்கூடாது. நியமன ஆணையைத் துறைதான் தரும். சேர்ந்த பிறகே அது உண்மையாகும்.

பாடநூல் பிரியன்:
தங்கை, மனம் தளர வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகங்களை மூன்று முறை வரிவிடாமல் படியுங்கள். அடுத்த முறை நிச்சயம்.

நூலக மூலை:
ஐயா, நான் கேட்டது படத்துக்கு எழுதுவதைப் பற்றி. புத்தகங்களை நாங்கள் எத்தனை முறை படித்தோம் என்பது எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் கிழிந்த அட்டைக்குத் தெரியும்.

மழைத்துளி:
பார்த்தீர்களா, அந்த அட்டையே முதல் வரியாகலாம்!

இரண்டாம் சுற்று:
என் கதையைச் சொல்கிறேன். நான் தேர்வானபோது நண்பன் ஆசையோடு என் தரவரிசைப் பக்கத்தைத் திரையிலிருந்து அப்படியே படம் பிடித்துப் போட்டான். அதில் பதிவெண், மொத்தத் தரவரிசை, வகுப்புவாரித் தரவரிசை எல்லாம் இருந்தன. முதல் ஐம்பது பேர் வாழ்த்தினார்கள். அதற்குப் பிறகு யாரோ வகுப்புவாரி எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாட்கள் கீழே இடஒதுக்கீட்டுச் சண்டை ஓடியது. என் பெயரே அதில் காணாமல் போனது. வாழ்த்துகள் உட்பட எல்லாவற்றையும் நீக்கும்படி ஆயிற்று. எண் எதுவும் தெரிய வேண்டாம், தங்கையே. அவர் கையில் ஏதாவது தாள் இருக்கும் படமாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

நூலக மூலை:
நல்லவேளை சொன்னீர்கள், அண்ணா. படத்தில் அவள் கையில் கலந்தாய்வுக் கடிதம் இருந்தது. வெட்டிவிட்டேன்.

எனக்கு மட்டும் தெரிந்தது என்று யோசித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. விடைத்தாளில் ஐந்தாவது வட்டம் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு. மாதிரித் தேர்வுகளில் நான் அதை நிரப்பப் போகும்போதெல்லாம் அவள் என் பேனாவைத் தட்டிவிடுவாள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஊகித்தாலாவது ஒன்றரை மதிப்பெண்ணுக்கு வழி உண்டு, ஐந்தாவதில் அதுவும் கிடையாது என்பாள். அதை வைத்து எழுதியது:

“ஐந்தாவது வட்டத்தை நிரப்ப விடாமல் நான்கு ஆண்டுகள் என் பேனாவைத் தட்டிவிட்டவள், இன்று இளநிலை உதவியாளராகத் தேர்வாகியிருக்கிறாள். எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இனி எனக்கே. மேசையில் உன் பக்கத்தை யாருக்கும் தர மாட்டேன்.”

மழைத்துளி:
இதைத் தொடாதீர்கள். அப்படியே போடுங்கள்.

எழிலன்:
முதல் வரி நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதில் நீங்கள் இருக்கிறீர்கள், ஆனால் பேனா பிடித்தவராக மட்டும். என் பயம் கடைசி வரியில்தான். ‘யாருக்கும் தர மாட்டேன்’ என்றால், நீங்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

கோப்புக் கட்டு:
பார்க்கட்டுமே. உட்கார்ந்திருப்பது உண்மைதானே? “நீ முந்திவிட்டாய்” என்ற வரியில் ஓட்டப்பந்தயம் இருந்தது, இதில் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும்: தேர்வு எழுதாதவர்களுக்கு ஐந்தாவது வட்டம் புரியுமா?

இரண்டாம் சுற்று:
புரியாதவர்கள் கேட்கட்டும், அவள் பதில் சொல்வாள். ஆனால் போடும் முன் அவளிடம் காட்டுங்கள். என் நண்பன் என்னிடம் காட்டியிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

தென்னங்கீற்று:
ஆணை வந்த பிறகு என்றுதான் நான் இன்னும் சொல்வேன்.

நூலக மூலை:
அவளிடம் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு கடைசி வரியை இரண்டு முறை படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. எடுத்துவிடவா என்று கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்படியே போட்டுவிட்டேன்.

முதல் பின்னூட்டம் அவளுடையதுதான்: “போன தேர்வில் எத்தனை ஐந்தாவது வட்டம் நிரப்பினாய் என்று இதுவரை சொல்லவே இல்லையே?”

எழிலன்:
எத்தனை?

நூலக மூலை:
பதினொன்று.