புதுப்பிப்பு: நீல விளக்கில் எடுத்த படம்

நான் கேட்டது: “இரண்டு உருவங்கள் பச்சையாக மின்னுகின்றன, ஒன்று கருத்திருக்கிறது. எது பவளம், எது கடல் சாமந்தி, எது கடற்பஞ்சு?”

“மின்னுவது பவளம்” என்றார் ஒருவர். பாதி சரி. நீல ஒளியை வாங்கிப் பச்சையாக உமிழும் புரதம் கடல் சாமந்திகள் பலவற்றிலும் உண்டு. முக்குளிப்பில் பழகிய இன்னொருவர், நிறத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார். இடப்பக்கம் கல்லில் பதித்தாற்போல் சிறு கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் பாலிப் என்னும் ஒரு குட்டி உயிர்: பவளம். நடுவில் ஒரே வாய், சுற்றிலும் தடித்த உணர்கொம்புகள், கல்கூடு இல்லை: கடல் சாமந்தி. கருத்ததில் உணர்கொம்பே இல்லை, உச்சியில் பெரிய துளை: கடற்பஞ்சு. வெள்ளை விளக்கில் அதுவே நல்ல சிவப்பு. திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளி இல்லாதபோது கருமைதானே மிஞ்சும்!

தம் பகல் படங்கள் நீலம் பூப்பது ஏன் என்று ஒருவர் இடையில் கேட்டார். அது வேறு சங்கதி; நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது.

ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் இன்னும் பிடிபடவில்லை. பாலிப்புகளை உள்ளிழுத்துக்கொண்ட பவளமாகவும் இருக்கலாம்.