கோவை மனையை விற்றேன்: ரூபாயில் லாபம், டாலரில் நஷ்டம்

நியூஜெர்சிக்காரன்:
அப்பா 1996இல் கோவைக்குப் பக்கத்தில் 3 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினார். 2019 ஜூனில் தவறிவிட்டார். உயில்படி மனை எனக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் 48 லட்சத்துக்கு விற்றேன். நான் அமெரிக்கக் குடிமகன், அதனால் இரண்டு நாட்டிலும் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்தியாவில் அப்பாவின் அடக்கவிலைதான் எனக்கும். 2001க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது 4 லட்சம். லாபம் 44 லட்சம், அதில் 12.5 சதவீதம், செஸ் சேர்த்து 5.72 லட்சம் வரி. நான் என்.ஆர்.ஐ. என்பதால் வாங்கியவர் மொத்த விலையிலும் டிடிஎஸ் பிடித்து 6.24 லட்சம் கட்டிவிட்டார். கூடுதலாகப் போனதை ரிட்டர்ன் போட்டு வாங்க வேண்டும்.

அமெரிக்கக் கணக்கில்தான் கூத்து. முதலில் பார்த்த கணக்காளர் அப்பாவின் 3 லட்சத்தையே அடக்கவிலையாகப் போட்டு 46,000 டாலருக்கு மேல் லாபம் காட்டினார். சந்தேகம் வந்து இன்னொருவரிடம் போனேன். வாரிசாக வந்த சொத்துக்கு இறந்த நாளின் சந்தை விலைதான் அடக்கவிலை என்றார் அவர். அப்பா அமெரிக்காவில் காலே வைத்ததில்லை, சொத்தும் இங்கே இல்லை. ஆனாலும் அதே விதிதானாம். 2019 மதிப்பு 42 லட்சம். அன்று டாலர் சுமார் 70 ரூபாய், ஆக 60,000 டாலர். விற்ற அன்று 87 ரூபாய், ஆக 55,200. 4,800 டாலர் நஷ்டம்!

டல்லாஸ் அக்கா:
நல்லவேளை தம்பி, இரண்டாவது ஆளைப் பார்த்தாய். எங்கள் கதை வேறு. இங்கே டெக்சாஸில் தம்பதியர் சேர்த்த சொத்து இருவருக்கும் பொதுவான சொத்து. என் கணவர் போனபோது வீட்டில் அவர் பாதிக்கு மட்டுமல்ல, என் பாதிக்கும் புது விலை வந்தது. ஆனால் அவருடைய ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. எடுக்க எடுக்க வருமானமாகவே வரி.

மதுரைக்காரர்:
வாரிசுச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீசில் எத்தனை நாள் ஆச்சு? எனக்கு நாலு மாசமா இழுக்கிறார்கள்.

சிகாகோ வாசி:
எங்கள் அப்பா உயிரோடு இருக்கும்போதே 2017இல் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சும்மா வந்ததுதானே, எனக்கும் அன்றைய விலை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நெவார்க் கணக்கர்:
கிடைக்காது. உயிரோடு இருப்பவர் கொடுத்தால் அது தானம். அப்பா வாங்கிய விலையே உங்களோடு வரும். இந்த ஊரில் வரித்தொழிலில் இருபது வருஷமாக இருக்கிறேன், நம் ஆட்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் வித்தியாசம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. நியூஜெர்சிக்காரரின் மனையே தானமாக வந்ததாக வைத்துக்கொள்வோம். 1996இல் டாலர் 35 ரூபாய், அடக்கவிலை 8,600 டாலர். லாபம் 46,600, அதில் 15 சதவீதம் சுமார் 7,000 டாலர். இந்தியாவில் கட்டிய 5.72 லட்சம், அதாவது 6,600 டாலர் அப்படியே வரவாகக் கழியும். மிஞ்சுவது 400. வருமானம் அதிகமுள்ளவர்களுக்கு 3.8 சதவீத முதலீட்டு வரி தனி, அதற்கு எதிராக இந்திய வரியைக் கழிக்க முடியாது.

இதைத் திருப்பிப் பாருங்கள். நியூஜெர்சிக்காரருக்கு இங்கே வரியே இல்லை, ஆகவே கழிக்கவும் எதுவுமில்லை. அந்த 6,600 டாலர் வரவு பத்து வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கும். வேறு வெளிநாட்டு முதலீட்டு வருமானம் வந்தால்தான் உபயோகம்.

நியூஜெர்சிக்காரன்:
அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை சார். அடக்கவிலை உயரும் ஸ்டெப்-அப் என்று துள்ளினேன், பலனில் பெரும்பங்கை இந்திய வரியே தின்றுவிட்டது. அப்புறம், அந்த 42 லட்சத்துக்கு ஆதாரம் கேட்டால்?

நெவார்க் கணக்கர்:
பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2019 தேதி போட்ட அறிக்கை வாங்கி வையுங்கள், பக்கத்து மனைகளின் விற்பனைப் பத்திரங்களோடு. கைடுலைன் மதிப்பை மட்டும் காட்டினால் உங்களுக்கே நஷ்டம், அது பல இடங்களில் சந்தை விலையைவிடக் குறைவு. ஆனால் இந்தியாவில் 2001 மதிப்புக்கு அதே கைடுலைன்தான் மேல்வரம்பு. இன்னொன்று: வந்த சொத்து ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தால் வந்த வருஷத்துக்கே அமெரிக்க வரித்துறைக்குப் படிவம் 3520 போட்டிருக்க வேண்டும். உங்களுக்கு 60,000தான், தப்பித்தீர்கள்.

டல்லாஸ் அக்கா:
உயில் இல்லாமல் போய், அம்மா தன் பங்கை விடுதலைப் பத்திரம் மூலம் மகனுக்கு விட்டுக்கொடுத்தால்? என் அண்ணன் வீட்டில் அதுதான் பிரச்சினை.

நெவார்க் கணக்கர்:
என் கணக்கில் அந்தப் பங்கு அம்மாவின் தானம். அம்மாவுக்கே அது வாரிசாக வந்ததால் அவருடைய அடக்கவிலை இறந்த நாள் விலைதான், அது மகனுக்குத் தொடரும்.

சிகாகோ வாசி:
என் ஆள் வேறு மாதிரி சொல்கிறார். அம்மா ஒன்பது மாதத்துக்குள் தன் பங்கு வேண்டாம் என்று மறுத்திருந்தால் தானமே ஆகாது, நேரடி வாரிசுரிமை என்கிறார்.

நெவார்க் கணக்கர்:
யாருக்கு என்று பேர் சொல்லாமல் மறுத்திருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். நம் விடுதலைப் பத்திரத்தில் மகன் பேரே எழுதியிருக்குமே. பத்திரத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். அண்ணனை முதல் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.