இன்சுலின் பாட்டிலில் எழுத ஒரு சொல் வேண்டும், திங்களுக்குள்

ம.சு. எழுதியது:

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவ வார்டு பொறுப்புச் செவிலியர் நான். வார்டு மருந்துப் பதிவேட்டைத் தமிழில் அச்சடிக்கிறோம், திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. வழக்கம் எளிது: திங்கள் காலை இரண்டு பேர் அலமாரி முன் நிற்போம், ஒருவர் பெட்டியைப் பார்த்துப் படிப்பார், மற்றவர் எண்ணிக்கையும் தேதியும் எழுதுவார். சீக்கிரம் முடிவது முன்னால் வரும். மூன்று மாதத்துக்குள் முடிவதற்குச் சிவப்பு வட்டம் போட்டு ஸ்டோருக்குச் சொல்வோம்.

சிக்கல் குளிர்பெட்டியில். போன வாரம் ஒரு இன்சுலின் பாட்டில், மூடி எடுத்தது, அச்சில் 11/2026. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டரில் "3/3" என்று மட்டும் எழுதியிருந்தது. திறந்த நாளா, எறிய வேண்டிய நாளா? எழுதியவர் விடுப்பில். கொட்டிவிட்டோம். அச்சுத் தேதிக்குக் "காலாவதி" இருக்கிறது. திறந்தபின் எண்ணிவரும் இரண்டாவது தேதிக்கு ஒரு சொல் தாருங்கள்.

இரா.ந. எழுதியது:

முதலில் காலாவதியையே விட வேண்டும். அவதி என்பது வடமொழியில் எல்லை, நம்மூரில் துன்பம். ஒரே சொல்லுக்குள் எல்லையும் துன்பமும்! "கழிநாள்" என்பது என் முன்மொழிவு. சுருக்கம், தூய்மை, எழுதவும் எளிது.

செ. எழுதியது:

ஐயா, கழிநாள் வினைத்தொகை. கழிந்த நாளும் அதுதான், கழிகின்ற நாளும் அதுதான், கழியும் நாளும் அதுதான். முக்காலமும் ஒளிந்திருப்பது செய்யுளுக்கு அழகு, பாட்டிலுக்கு ஆபத்து. அம்மா சொன்ன "3/3" குழப்பம் அப்படியே திரும்ப வரும். அதோடு வார்டில் "கழிச்சல்" என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

கு.வே. எழுதியது:

எதற்கு இரண்டு தேதி? குளிர்பெட்டியில் இருக்கும்வரை அச்சுத் தேதி போதுமே. அதுவும் 11/2026 என்றால் நவம்பர் 1 அன்றே முடிந்தது.

ப. எழுதியது:

நான் மருந்தாளுநர். கு.வே. சொன்ன இரண்டும் சரியில்லை. மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை செல்லும். ஆனால் அந்தத் தேதி திறக்காத பாட்டிலுக்கு. ரப்பரில் ஊசி குத்தும் ஒவ்வொரு தடவையும் கிருமி உள்ளே போக வழி. உள்ளே இருக்கும் பாதுகாப்பு மருந்து அதைக் கொஞ்ச நாள்தான் தாங்கும், குளிர்பெட்டி இதை மாற்றாது. பலமுறை எடுக்கும் பாட்டிலுக்குப் பொதுவாக 28 நாள். உள்ளே வரும் தாள் வேறு கணக்குச் சொன்னால் அதுதான், சில இன்சுலினுக்குக் கூடுதலாகவே இருக்கும். ஒருமுறைக்கான ஆம்பூலுக்கு இந்தக் கட்டமே வேண்டாம், உடைத்தால் மிச்சத்தை வைக்கக் கூடாது.

அம்மாவின் பாட்டிலையே எடுங்கள். 3/3 திறந்த நாள் என்றால் மார்ச் 31 வரை வைக்கலாம். எறிய வேண்டிய நாள் என்றால் மார்ச் 3 அன்றே குப்பைக்குப் போயிருக்க வேண்டும். நான்கு வார வித்தியாசம். கொட்டியது சரி.

தே. எழுதியது:

யாழ்ப்பாணத்தில் பெட்டியில் "காலாவதியாகும் திகதி" என்றே பார்க்கிறோம், ஒருவரும் அவதிப்படவில்லை. என் அம்மம்மாவின் கண் சொட்டு மருந்தை ஒரு மாதத்தில் எறியச் சொன்னார்கள், அவர் பாதி மருந்து வீண் என்று ஒளித்து வைத்துவிட்டார். கடைசியில் நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன்.

செ. எழுதியது:

"திறப்புக் கெடு" எப்படி? கெடு என்றால் தவணை, கெட்டுப்போவதும் அதே ஒலி. இரட்டைப் பொருள் இலவசம்.

இரா.ந. எழுதியது:

தவணைப் பொருளில் வரும் கெடு, தெலுங்கின் கடுவு என்பதிலிருந்து வந்தது. காலாவதியை ஒதுக்கிவிட்டு இதைச் சேர்ப்பானேன்?

செ. எழுதியது:

காலாவதியை ஒதுக்கியது நீங்கள் மட்டும்தான் ஐயா.

ம.சு. எழுதியது:

சண்டை முடியட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. இரவுப் பணியில் இருந்த மூன்று பேரிடம் வெற்றுப் பிளாஸ்டரில் எழுதிக் காட்டினேன். "கழிநாள்" பார்த்து ஒருவர் சிரித்தார். "திறப்புக் கெடு" பார்த்து ஒருவர், திறந்ததும் கெட்டுவிடுமா என்று கேட்டார். "திறந்தது 3/3, எறிவது 31/3" என்று இரண்டு வரியாக எழுதியதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டில் "திறந்த நாள்", "எறியும் நாள்" என்று போட்டுவிட்டேன். அச்சுத் தேதிக்குக் காலாவதியே. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதைச் சிவப்பில் வட்டமிட வேண்டும்.

ப. எழுதியது:

சரி. எறிவதற்கு முன் பதிவேட்டில் அந்தப் பாட்டிலின் வரியை அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் போன பிறகும் எண்ணிக்கையில் நிற்கும்.

இரா.ந. எழுதியது:

"எறியும் நாள்" கலைச்சொல் அல்ல, வாக்கியத் துண்டு. அடுத்த பதிப்பு வரட்டும், கழிநாளோடு மீண்டும் வருகிறேன்.