புதுப்பிப்பு: 6 டெராபைட் ஸ்கேன்களை ஒரே கிளவுடில் வைக்கலாமா?

என் கேள்வி: "6 டிபி ஸ்கேன் கோப்புகளை ஒரு கிளவுடில் வைக்கப் போகிறோம். பின்னால் வெளியேற எவ்வளவு ஆகும்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, 'ஒப்பந்தத்துக்கு முன்பே ஒருமுறை வெளியேறிப் பாருங்கள்' என்ற யோசனைதான். 40 ஜிபியை ஏற்றி, வேறொரு நிறுவனத்துக்கு மாற்றினேன்.

வெளியே எடுக்கும் டேட்டாவுக்கு மாதம் 100 ஜிபி இலவசம், அப்புறம் ஜிபிக்கு 0.09 டாலர். 6 டிபியில் மீதி 5,900 ஜிபிக்கு 531 டாலர். இதுவரை எதிர்பார்த்ததே. எதிர்பாராதது சரிபார்ப்பில் வந்தது. பகுதி பகுதியாக ஏற்றிய பெரிய கோப்புகள் பலவற்றுக்கு, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷை இரு பக்கமும் ஒப்பிட முடியவில்லை. அதனால் கோப்புகளை நகர்த்தி ஒப்பிடும் rclone கருவியில் இதை ஓட்ட வேண்டியிருந்தது:

```
rclone check a:scan b:scan --download
```

இது இரு பக்கமும் முழுக் கோப்பையும் மறுபடி இறக்குகிறது. 6 டிபிக்குச் செய்தால் பழைய பக்கத்துக் கட்டணமே இரட்டிப்பாகும்! இப்போது ஏற்றும்போதே எங்கள் ஹாஷ் பட்டியலைத் தனியாக வைக்கிறோம்.

'இரு பக்கமும் கோப்புகளைக் கையாளும் எஸ்3 ஏபிஐ ஒன்றுதான், ஒரே நிறுவனத்தில் மாட்டிக்கொள்ளும் பூட்டு எதுவும் இல்லை' என்று பதில் சொன்னவர் பாதி சரி. கோப்புகள் சிக்கலின்றி நகர்ந்தன. ஆனால் எங்கள் டேட்டாபேஸில் நிறுவனத்தின் முகவரியோடு முழு இணைப்புகளாகச் சேமித்திருந்தோம், எல்லாமே உடைந்தன. அந்த முட்டாள்தனம் எங்களுடையது. இனி பாதை மட்டும், முன்னால் எங்கள் டொமைன்.

லாகின் சேவையை எடுத்துச் செல்ல முடியுமா என்பது இன்னும் தெளிவில்லை. கடவுச்சொல் ஹாஷ்களை ஏற்றுமதி செய்ய அந்தச் சேவையில் வழியே இல்லை.