61 வயசு, ஸ்டென்ட் வச்சவர்: ஹெல்த் பாலிசியை வேறு கம்பெனிக்கு போர்ட் பண்ணலாமா? உதவி தேவை

தண்டையார்பேட்டையில் பக்கத்து வீட்டு அண்ணனுக்காகக் கேட்கிறேன். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ஃப்ளோட்டர், 1 லட்சம் போனஸ். எட்டு வருஷமாக விடாமல் கட்டுகிறார். போன வருஷம் ஸ்டென்ட் வைத்து கிளைம் வாங்கினார். இப்போது பிரீமியம் 29,000-லிருந்து 41,000.

ஏஜென்ட், கிளைம் எடுத்ததால் வந்த கூடுதல் பிரீமியம், "கிளைம் லோடிங்" என்கிறார். அது சரியில்லை. தனி ஒருவர் கிளைம் எடுத்தார் என்பதற்காக ரினியூவலில் லோடிங் போட விதி இல்லை. ஃப்ளோட்டரில் மூத்தவர் வயசுதான் கணக்கு; அவருக்கு 61 ஆனதால் 61-65 அடுக்குக்குப் போயிருக்கிறது. ரேட் சார்ட்டில் பார்த்தால் தெரியும். கம்பெனி மொத்த ரேட்டையும் ஏற்றியிருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

போர்ட் பண்ணினாலும் வயசு அடுக்கு கூடவே வரும். அதோடு, புதுக் கம்பெனி உடல்நிலையைப் புதிதாகப் பார்க்கும். ஸ்டென்டுக்காக லோடிங் போடலாம், மறுக்கவும் செய்யலாம். முடித்த வெயிட்டிங் பீரியட் 6 லட்சம் வரைதான் செல்லும். 10 லட்சமாக எடுத்தால் மீதி 4 லட்சத்துக்கு முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

ரினியூவல் ஜனவரி 20. 45 நாள் முன்பே, அதாவது டிசம்பர் 6-க்குள் விண்ணப்பம் போக வேண்டும். பதில் வரும்வரை பழைய பாலிசியை விடக்கூடாது.

ஸ்டென்டுக்குப் பிறகு 60 தாண்டி போர்ட் ஆனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை சதவீதம் லோடிங் போட்டார்கள்? டிஸ்சார்ஜ் சம்மரியோடு எக்கோ, டிஎம்டி ரிப்போர்ட்டும் கேட்டார்களா?