தனுஷ்கோடிப் புயல் பேட்டிகள்: ஒப்பிடுவதில் ஒரு சிக்கல்

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் பற்றி, ராமேசுவரத்தில் ஆறு பெரியவர்களிடம் எடுத்த பேட்டிகளை எக்செல்லில் ஒப்பிடுகிறேன். யாரும் கடிகார நேரம் சொல்லவில்லை. அதனால் "விளக்கு அணைந்த பிறகு", "கூரை போனதும்" என்று வரிசைப்படுத்தினேன். அது நன்றாகவே வந்தது. கடல் எந்தப் பக்கமிருந்து ஏறியது என்பதில் இருவர் முரண்படுகிறார்கள். ஒருவர் வீடு வடகரையில், மற்றவர் வீடு தென்கரையில், ஆகவே இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று தனி நிறம் கொடுத்தேன்.

நான் மாட்டிக்கொண்டது பாம்பன் பாசஞ்சர் ரயில் விஷயத்தில்தான். அது அடித்துச் செல்லப்பட்டதை ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே சொற்களில் சொல்கிறார்கள், ஆனால் நேரில் பார்த்தவர் ஒருவருமில்லை. "ஒத்துப்போகிறது" என்று எழுதினால் ஆறு சாட்சிகள் போலத் தெரிகிறது. 'பார்த்தது', 'கேட்டது' என்று குறித்தும் போதவில்லை. யாரிடம் கேட்டார்கள் என்பது பலருக்கு நினைவில்லை.

ஒரே மூலத்திலிருந்து பரவிய ஒப்புதலை, தனித்தனியாகக் கண்டவர்களின் ஒப்புதலிலிருந்து அட்டவணையில் எப்படிப் பிரித்துக் காட்டுவது?