புதிய வர்த்தகம் எதுவும் செய்யாமலே மார்ஜின் கூடுகிறது. ஒரு லெக்கை மூடவும் விடவில்லை. ஏன்?

வெண்கொக்கு:
என் கணக்கில் 1,00,000 இருக்கிறது. குறியீடு 5,000-இல் இருந்தபோது 4,700 புட்டையும் 5,300 காலையும் விற்று, பாதுகாப்புக்காக 4,500 புட்டையும் 5,500 காலையும் வாங்கி, ஒரே எக்ஸ்பைரியில் 25 லாட் அயர்ன் காண்டார் அமைத்தேன். ஒரு லாட் என்பது 25 யூனிட். நிகர பிரீமியமாக 40 புள்ளி கிடைத்தது. பிரீமியத்தைக் கழித்தபின் லாட்டுக்கு 2,600 முடங்கியதால் மொத்தம் 65,000 ஆயிற்று. மீதி 35,000 போதும் என்று எண்ணினேன். இப்போது குறியீடு 4,760-க்கு இறங்கியதும் முடங்கிய தொகை 94,000 ஆகிவிட்டது. விலை ஏறியிருக்கும் 4,500 புட்டை மட்டும் விற்று லாபம் எடுக்க முயன்றால், மார்ஜின் போதவில்லை என்று ஆர்டர் நிராகரிக்கப்படுகிறது. கையில் இருப்பதை விற்பதற்கு எதற்காக மார்ஜின் கேட்கிறார்கள்?

நேர்கோடு:
கணக்கீட்டில் ஏதோ பிழை இருக்க வேண்டும். எக்ஸ்பைரியில் இரண்டு பக்கமும் ஒருசேர நஷ்டமாக முடியாது என்பதால், காண்டாருக்கு ஒரு பக்கத்தின் அகலமான 200 புள்ளிக்கு மட்டுமே மார்ஜின் பிடிப்பார்கள். அது சந்தை எங்கே போனாலும் மாறாது. புரோக்கரிடம் புகார் அளியுங்கள்.

ஓரக்கண்:
எனக்கும் இதேதான் நடந்தது. அடுத்த மாதக் காலை விற்று, இந்த மாதக் காலை ஹெட்ஜாக வைத்திருந்தேன். எக்ஸ்பைரி நெருங்கியதும் மார்ஜின் பல மடங்கு உயர்ந்துவிட்டது. உங்களுடைய வாங்கிய லெக்குகளும் முன்னதாகவே முடிகின்றனவா?

தராசுமுள்:
அவருடைய நான்கு லெக்குகளும் ஒரே எக்ஸ்பைரி என்று எழுதியிருக்கிறாரே, ஓரக்கண். உங்களுடையது ஹெட்ஜ் முதலில் காலாவதியாகும் வேறு சிக்கல்.

நேர்கோடு சொல்வது நிலையான விதிப்படி மார்ஜின் பிடிக்கும் கணக்குகளுக்குச் சரி. அங்கே முதல் நாளே லாட்டுக்கு 200 × 25 = 5,000 பிடித்து, பிரீமியம் 1,000 போக 4,000 முடங்கியிருக்கும். இவருக்கு 2,600 மட்டுமே முடங்கியது என்பதிலிருந்தே, ஸ்பான் போன்ற, விலையும் ஏற்ற இறக்க அளவும் மாறினால் என்ன ஆகும் என்று பல நிலைகளைக் கணக்கிட்டு அவற்றில் மோசமானதைப் பிடிக்கும் முறை என்று தெரிகிறது. குறியீடு 5,000-இல் இருந்தபோது கணக்கிட்ட மோசமான வீழ்ச்சிகூட 4,500 வரை முழுதாக எட்டவில்லை. 4,760-இலிருந்து அதே அளவு விழுந்தால் எட்டிவிடும். எனவே தொகை 4,000-ஐ நோக்கி ஏறுகிறது. சில எக்ஸ்சேஞ்சுகளில் விற்ற லெக்குகளுக்குத் தனியாக ஒரு கூடுதல் மார்ஜினும் உண்டு. அது ஹெட்ஜ் இருப்பதால் குறையாது.

4,500 புட்டை விற்றால் 4,700 புட் பாதுகாப்பின்றி நிற்கும். ஒப்பந்த மதிப்பில் 10 சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும், லாட்டுக்குச் சுமார் 12,000, 25 லாட்டுக்கு ஏறக்குறைய 3,00,000 தேவை. ஆகவே நிராகரிப்பு நியாயமானது. வெளியேறுவதானால் விற்ற புட்டை முதலில் திரும்ப வாங்குங்கள், அல்லது இரண்டு லெக்குகளையும் ஒரே ஸ்ப்ரெட் ஆர்டராக மூடுங்கள். 25 லாட்டையும் ஒரே மூச்சில் மூட வேண்டியதில்லை. சில லாட்டுகளை நான்கு லெக்கோடும் முழுதாக மூடினாலே இடம் கிடைக்கும்.

வெண்கொக்கு:
ஸ்ப்ரெட் ஆர்டராக 10 லாட்டை மூடிவிட்டேன், நன்றி. அப்படியானால் தொடக்கத்தில் எத்தனை லாட் எடுத்திருக்க வேண்டும்? மார்ஜினில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று பலர் சொல்கிறார்களே?

தராசுமுள்:
முதல் நாள் திரையில் தெரியும் 2,600-ஐ வைத்து வகுக்காதீர்கள். விற்ற லெக்குகளுக்கான அந்தக் கூடுதல் மார்ஜின் உங்களுக்கு இல்லையென்றால், உச்சவரம்பான 4,000-ஐ வைத்து வகுங்கள். அப்போது பாதி என்பது 12 லாட்டாகிறது. ஆனால் காண்டாரில் அந்த உச்சவரம்பும் அதிகபட்ச நஷ்டமும் ஒரே தொகைதான். 12 லாட்டும் ஒரே குறியீட்டில், ஒரே எக்ஸ்பைரியில் இருந்தால், ஒரே வீழ்ச்சியில் 48,000 போகும். எனவே நான் இரண்டு வரம்புகள் வைப்பேன்: ஒரே குறியீடு, ஒரே எக்ஸ்பைரிக்கு மூலதனத்தில் 15 சதவீதம், அதாவது 3 லாட், எல்லாப் பொசிஷன்களும் சேர்ந்து 50 சதவீதம். மீதிப் பாதி, ஒரு பக்கத்தை நகர்த்தும்போது இடையில் தேவைப்படும் மார்ஜினுக்காக. நேக்கட் விற்பனையில் நஷ்டம் மார்ஜினையும் தாண்டும் என்பதால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது.

நேர்கோடு:
நஷ்டத்துக்குத்தான் எல்லை இருக்கிறதே, பிறகு பாதிப் பணத்தைச் சும்மா வைப்பது வீண். பல குறியீடுகளில் பிரித்து வைத்தால் 80 சதவீதம் வரை போகலாம் என்பது என் கருத்து.

தராசுமுள்:
பெரிய சரிவில் அந்தக் குறியீடுகள் எல்லாம் ஒன்றாகவே இறங்கும். புட் பக்கத்தைப் பொறுத்தவரை நான் அவற்றை ஒரே பொசிஷனாகத்தான் எண்ணுவேன்.

நேர்கோடு:
கால் பக்கத்துக்கும் அப்படியே எண்ணுவீர்களா? ஏற்றத்தில் அவை அந்த அளவுக்கு ஒன்றாக நகர்வதில்லையே.